க. தன் வக்கீலை விலக்கினானா?

"காஃப்காவின் 'விசாரணை' இப்போதுதான் படித்து முடித்தேன். வக்கீலை விலக்கப் போகிற அத்தியாயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, நாயகன் க. தேவாலயத்துக்குப் போகிறான். அதற்கடுத்ததில் ஆளையே கொன்றுவிடுகிறார்கள். இதெல்லாம் வேண்டுமென்றே விட்டதா, முடிக்காமல் போனதா? 'இடைவெளிதான் காஃப்காவின் உத்தி' என்கிறான் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சொல்வது சரி?"

வக்கீல் அத்தியாயத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. அது உத்தி இல்லை, எழுத்து நின்ற இடம். 1925இல் நாவலை முதலில் வெளியிட்ட, காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட், அந்த அத்தியாயத்தின் முடிவில் இது முடிக்கப்படவில்லை என்று குறிப்பே போட்டிருக்கிறார். ஆனால் உங்கள் நண்பரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. க. எதற்காகக் கைது செய்யப்பட்டான் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை அல்லவா, அது காஃப்கா வேண்டுமென்றே விட்டது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இந்த நாவலில் உள்ள இடைவெளிகள் ஒரே வகை அல்ல. எது எந்த வகை என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும், ஏனென்றால் கையெழுத்துப் பிரதி இருக்கிறது, அது எழுதப்பட்ட விதமும் ஓரளவு தெரியும்.

முதலில் அந்த விதத்தைப் பார்ப்போம். 1914 ஜூலையில் பெர்லினில் ஒரு ஓட்டலில் காஃப்காவுக்கும் ஃபெலிஸ் பவருக்கும் நடந்திருந்த நிச்சயதார்த்தம் முறிந்தது. ஆகஸ்டில் போர் தொடங்கிய கையோடு அவர் இந்த நாவலை எழுத ஆரம்பித்தார். 1915 ஜனவரி 20ஆம் தேதி நாட்குறிப்பில் எழுத்து முடிந்துவிட்டது, மறுபடி எப்போது அது என்னைச் சேர்த்துக்கொள்ளுமோ என்ற பொருளில் எழுதி வைக்கிறார். ஆக, ஆறு மாதம்கூட இல்லை. அதற்கப்புறம் அவர் இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார், ஆனால் இந்த நாவலுக்குத் திரும்பவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'ஆசிரியர் இறந்துவிட்டதால் நாவல் முடியவில்லை' என்று பலரும் நினைக்கிறார்கள். மரணம் பேனாவைப் பிடுங்கிய கதை இல்லை இது. அவரே கீழே வைத்துவிட்டுப் போன கதை.

எழுதிய முறைதான் இதைவிட முக்கியம். காஃப்கா வழக்கமாக ஒரு கதையை ஒரே மூச்சில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதுபவர். 'தீர்ப்பு' என்ற சிறுகதையை ஒரே இரவில் எழுதி முடித்தவர். அதற்கு முந்தைய நாவல் எங்கெங்கோ அலைந்து கைவிட்டுப் போனதால், இந்த முறை முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழுதி வைத்துக்கொண்டார். கைது ஒரு முனை, கொலை மறுமுனை. நடுவில் உள்ளதை அப்புறம், பல நோட்டுப் புத்தகங்களில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அத்தியாயங்களாக எழுதினார். ஒன்று நகராவிட்டால் இன்னொன்றுக்குப் போவார். பிறகு நோட்டுகளிலிருந்து தாள்களைக் கிழித்து, அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டி, மேலே ஒரு தாளில் உள்ளே இருப்பதைக் குறித்துவைத்தார். மொத்தம் 161 தாள்கள், 16 கட்டுகள். எந்தக் கட்டிலும் வரிசை எண் இல்லை.

1920இல் பிராட் இந்தத் தாள்களைக் காஃப்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார். 1924 ஜூனில் காஃப்கா இறந்தார். எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்லி அவர் பிராடுக்கு எழுதி வைத்திருந்த இரண்டு குறிப்புகள் கிடைத்தன. பிராட் எரிக்கவில்லை. அந்தத் தார்மிகச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை, அது நூறு தடவை நடந்துவிட்டது. ஆனால் அந்தக் குறிப்புகளில் ஒன்று நம் கேள்விக்கு நேராகவே உதவுகிறது. அதில் காஃப்கா தன் எழுத்தில் எவை செல்லுபடியாகும் என்று சில புத்தகங்களைக் குறிப்பிடுகிறார். அவற்றில் ஒன்று 'கிராமத்து மருத்துவர்' தொகுப்பு. அந்தத் தொகுப்பில்தான் 'சட்டத்தின் முன்' என்ற சிறு கதை இருக்கிறது. நீங்கள் தேவாலய அத்தியாயத்தில் படித்தீர்களே, வாசற்காவலனும் கிராமத்தானும் வரும் கதை, அதேதான். காஃப்கா அதை மட்டும் நாவலிலிருந்து பிரித்து 1915லேயே பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார்.

அதாவது, இந்த நாவலுக்குள் ஆசிரியர் 'இது முடிந்தது' என்று கையெழுத்துப் போட்ட பக்கங்கள் உண்டு. அங்கேயுள்ள இடைவெளிகளைத்தான் உங்கள் நண்பர் உத்தி என்று தைரியமாகச் சொல்லலாம். காவலன் ஏன் உள்ளே விடவில்லை, கிராமத்தான் உள்ளே நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், கதவு அவனுக்காகவே என்றால் அவன் ஏன் காத்திருந்தான் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. பாதிரியாரும் க.வும் அதை வைத்து நீண்ட நேரம் வாதாடுகிறார்கள். பாத்திரங்களே ஒரு இடைவெளியைப் பார்த்து, அதைச் சுற்றி நடந்து, அதைப் பற்றிப் பேசினால் அது ஆசிரியர் அறிந்து வைத்த இடைவெளி. கைதுக்கான காரணமும் அப்படித்தான். க. முதல் நாளிலிருந்தே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், மற்றவர்கள் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். நாவல் முடிந்திருந்தாலும் அந்தக் காரணம் வந்திருக்காது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

வக்கீல் அத்தியாயத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். க. இரவு பத்து மணிவாக்கில் வக்கீல் ஹுல்டின் வீட்டுக்குப் போகிறான். அங்கே வியாபாரி ப்ளோக்கைச் சந்திக்கிறான். ப்ளோக்கின் வழக்கு ஐந்து வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஹுல்டுக்குத் தெரியாமல் இன்னும் ஐந்து வக்கீல்கள் வைத்திருக்கிறான், ஹுல்ட் எந்த நேரத்தில் கூப்பிடுவாரோ என்று அந்த வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் கிடக்கிறான். க. உள்ளே போய், இன்றிலிருந்து நீங்கள் என் வக்கீல் இல்லை என்று சொல்லியே விடுகிறான். ஹுல்ட் கோபப்படவில்லை. ஒரு கட்சிக்காரனை எப்படி நடத்துவது வழக்கம் என்று உனக்குக் காட்டுகிறேன் பார் என்பதுபோல ப்ளோக்கை வரவழைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட வைத்து, அவமானப்படுத்துகிறார். அந்த அவமானம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுத்து நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, காட்சி ஒரு நோக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது. ஹுல்ட் இந்த நாடகத்தை நடத்துவதே க.வின் மனதை மாற்றத்தான். அப்படியானால் க.வின் பதில் வந்தாக வேண்டும். அவன் வெறுத்து வெளியேறலாம், பயந்து தங்கிவிடலாம், வக்கீல் வீட்டுப் பணிப்பெண் லேனி குறுக்கே வரலாம். எதுவாக இருந்தாலும் ஏதோ ஒன்று வர வேண்டிய இடம் அது. அடி ஓங்கப்பட்டிருக்கிறது, விழவில்லை. வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் இப்படி இருக்காது. அங்கே காட்சி தன் வேலையை முடித்துவிட்டு, காரணத்தை மட்டும் மறைக்கும். இங்கே காட்சியே தன் வேலையை முடிக்கவில்லை.

எனவே 'க. வக்கீலை விலக்கினானா' என்ற கேள்விக்கு என் பதில்: சொன்னான், அவ்வளவுதான். அதற்குமேல் இந்தப் புத்தகத்தில் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் வக்கீல் பெயர் வராததை வைத்து, ஆக விலக்கிவிட்டான், தனியனாகிவிட்டான், அதனால்தான் சாகிறான் என்று சங்கிலி கட்டுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி எழுதப்படாத தாள். தேவாலயத்துக்குக் கிளம்பும்போது லேனி க. வேலை செய்யும் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்து, உன்னைத் துரத்துகிறார்கள் என்கிறாள். ஆக அந்த வீட்டோடு தொடர்பு முழுக்க அறுந்துவிடவில்லை. ஆனால் இதை வைத்து எதிர்ப்பக்கச் சங்கிலியையும் கட்ட முடியாது.

இங்கே இன்னொரு கேள்வி வருகிறது. தேவாலய அத்தியாயம் வக்கீல் அத்தியாயத்துக்கு அடுத்ததுதான் என்று யார் சொன்னது? பிராட் சொன்னார். கட்டுகளில் எண் இல்லை என்றேன் அல்லவா, காஃப்கா சில பகுதிகளைத் தனக்கு வாசித்துக் காட்டிய நினைவையும் தன் உணர்வையும் நம்பி அவர்தான் வரிசைப்படுத்தினார். 1950களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹெர்மன் ஆய்ட்டர்ஸ்ப்ரோட் என்ற ஆய்வாளர் இதை உடைத்துப் பார்த்தார். அவர் கையில் எடுத்தது பருவகாலம். கதை க.வின் முப்பதாவது பிறந்த நாள் காலையில் தொடங்கி, முப்பத்தொன்றாவது பிறந்த நாளுக்கு முந்தைய இரவில் முடிகிறது. சரியாக ஒரு வருடம். வக்கீலைப் பற்றியும் ஓவியன் டிட்டொரெல்லியைப் பற்றியும் வரும் நீண்ட அத்தியாயத்தில் வெளியே பனி பெய்கிறது, குளிர்காலம். தேவாலய அத்தியாயத்திலோ மழையும் ஈரமுமான இலையுதிர் காலம். ஒரே வருடத்துக்குள் இலையுதிர் காலம் முதலில், குளிர்காலம் அப்புறம். ஆகவே தேவாலயம் முன்னால் வர வேண்டும் என்றார்.

கேட்க மிகவும் தர்க்கமாக இருக்கிறது. ஆனால் தேவாலயத்தில் பாதிரியார் வழக்கு மோசமாகப் போகிறது என்று சொல்லும்போது க. என்ன பதில் சொல்கிறான் பாருங்கள். என்னால் ஆனதெல்லாம் செய்தேன், பலனில்லை, மனுவை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்கிறான். அந்த மனுவைத் தானே எழுதலாம் என்ற யோசனை அவனுக்கு வருவது எங்கே? அந்தப் பனி பெய்யும் குளிர்கால அத்தியாயத்தில். ஆக வானிலையைக் கேட்டால் தேவாலயம் முன்னால், மனுவைக் கேட்டால் தேவாலயம் பின்னால். இரண்டையும் ஒன்றாகத் திருப்திப்படுத்தும் வரிசையே கிடையாது. காஃப்கா அத்தியாயங்களை மாறி மாறி எழுதியவர், கோத்துச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்திருந்தால் இரண்டில் ஒன்றை மாற்றியிருப்பார், அவ்வளவே. இந்த மாதிரி முரண்பாட்டைப் பார்த்துவிட்டு 'காஃப்காவின் உலகில் காலம் குலைந்திருக்கிறது' என்று எழுதுவது சுலபம். எனக்கு அது கட்டி முடிக்காத வீட்டில் சன்னலுக்கு விட்ட ஓட்டையைப் பார்த்து, என்ன கலைநயம் என்று வியப்பதுபோல் படுகிறது.

1990இல் மால்கம் பாஸ்லி கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். அவர் தாள்களையும் கையெழுத்தையும் வைத்து, ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் அடைபட்டிருக்கின்றன என்பதுவரை எண்ணி, எது எப்போது எழுதப்பட்டது என்று கணிக்க முயன்றவர். ஆனாலும் அவர் பிராடின் வரிசையைப் பெரிதாகக் கலைக்கவில்லை. முக்கியமான மாற்றம், முடிவு பெறாத ஒரு அத்தியாயத்தை எடுத்து பிற்சேர்க்கைக்குத் தள்ளியது. க. தங்கியிருக்கும் வீட்டிலேயே குடியிருக்கும் செல்வி புர்ஸ்ட்னரின் தோழி மோன்டாக் வரும் அத்தியாயம் அது. பிராட் அதை நான்காவது அத்தியாயமாக வைத்திருந்தார். 1997இல் ரோலாண்ட் ராய்ஸும் பீட்டர் ஷ்டெங்லெயும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் பதிப்பில் 16 தனித்தனிச் சிறு புத்தகங்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. காஃப்காவின் தாள் ஒரு பக்கம், அச்செழுத்து ஒரு பக்கம். வரிசை உங்கள் பாடு. நேர்மையான பதிப்பு, ஆனால் நாவல் படிக்க உட்கார்ந்தவருக்கு அது தண்டனை. நான் அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிற்சேர்க்கையில் உள்ள, முடிக்கப்படாத துண்டுகளுக்கு வருவோம். 1925 பதிப்பில் இவை இல்லவே இல்லை. காஃப்காவை யாருக்கும் தெரியாத காலம், முடிந்த நாவலாகக் காட்டினால்தான் எடுபடும் என்று பிராட் நினைத்தார். 1935 பதிப்பில்தான் துண்டுகளையும் அடிக்கப்பட்ட வரிகளையும் பின்னால் சேர்த்தார். வாசகர்கள் செய்யும் பொதுவான தவறு, இவற்றைக் கதையின் ஓட்டைகளை அடைக்கும் கற்களாக நினைப்பது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் கைது நடக்கும்போது க. அரசு வழக்கறிஞர் ஹாஸ்டரர் என் நல்ல நண்பர், அவருக்குத் தொலைபேசியில் பேசலாமா என்று கேட்கிறான். பேசிக்கொள், ஆனால் அதில் என்ன அர்த்தம் என்கிறார் அதிகாரி. க. கோபித்துக்கொண்டு பேசாமலே விட்டுவிடுகிறான். பத்து அத்தியாயங்களை மட்டும் படிப்பவருக்கு ஹாஸ்டரர் வெறும் பெயர். நான் முதன்முதலில் படித்தது துண்டுகள் இல்லாத ஒரு பழைய ஆங்கிலப் பதிப்பு. அப்படி ஒரு நண்பரே கிடையாது, க. மிரட்டுவதற்காகப் புளுகுகிறான் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். துண்டில் ஹாஸ்டரர் ஆளாகவே வருகிறார். சட்டத் துறையினர் வாடிக்கையாகக் கூடும் மேசை, அங்கே க.வுக்குக் கிடைக்கும் மரியாதை, இருவரும் கைகோத்து நடப்பதைப் பார்த்து வியக்கும் வங்கி இயக்குநர். இந்தத் துண்டு ஒரு வாசிப்பைத் திருத்துகிறது, க. புளுகவில்லை. அதோடு அந்தத் தொலைபேசி மறுப்பின் எடையும் கூடுகிறது. நிஜமாகவே ஒரு உதவி இருந்தும் அவன் எடுக்கவில்லை.

எல்ஸா என்ற பெண்ணிடம் போகும் துண்டு வேறு ரகம். அதில் நீதிமன்றத்திலிருந்து தொலைபேசியில் க.வை உடனே வரச் சொல்லி எச்சரிக்கிறார்கள். அவன் வண்டி பிடித்து எல்ஸா வீட்டுக்குப் போகிறான். ஆனால் தேவாலயத்தில் பாதிரியார் கடைசியாகச் சொல்வது என்ன? நீதிமன்றம் உன்னிடம் எதையும் கேட்பதில்லை, நீ வந்தால் ஏற்றுக்கொள்கிறது, போனால் விட்டுவிடுகிறது என்கிறார். வரச் சொல்லி மிரட்டும் நீதிமன்றமும் இதுவும் ஒத்துப்போகவில்லை. காஃப்கா எல்ஸா துண்டைத் தொடர்ந்திருந்தால் இந்த முரணை வைத்து ஏதாவது செய்திருக்கலாம், அல்லது துண்டையே தூக்கிப் போட்டிருக்கலாம். இதைக் கதைக்குள் செருகிப் படித்தால் பாதிரியாரின் வரி பொய்யாகிவிடும். ஆகவே இதை அவர் முயன்று பார்த்து விட்டுவிட்ட பாதை என்று வைத்துக்கொண்டு, கதைக்கு வெளியே நிறுத்திப் படிப்பதுதான் நல்லது.

மூன்றாவது, தாயைப் பார்க்கப் போகும் துண்டு. மதியச் சாப்பாட்டின்போது திடீரென்று அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவளைப் பார்த்துக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வருகிறேன் என்று சொல்லியிருந்து, இரண்டு தடவை போகவில்லை. அவளுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த பிறந்த நாளுக்கு இன்னும் பதினான்கு நாள்தான், அதுவரைகூடப் பொறுக்காமல் உடனே கிளம்புகிறான். வசந்தம் முடியும் தறுவாய். இங்கே கணக்குப் போடுங்கள். கதை முடிவது முப்பத்தொன்றாவது பிறந்த நாளுக்கு முந்தைய இரவு. அப்படியானால் இந்தத் துண்டு அவன் சாவதற்கு இரண்டு வாரம் முன்னால் நடக்கிறது. துண்டுகளிலேயே இவ்வளவு தெளிவாக நாள் சொல்லக்கூடியது இதுதான். ஊர் போய்ச் சேர்ந்தானா, அம்மா என்ன சொன்னாள் என்று இல்லை, கிளம்பும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தேவாலயத்துக்கும் க. கொல்லப்படும் கல்குவாரிக்கும் நடுவில் காஃப்கா ஒன்றுமே இல்லாமல் விட நினைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

உங்கள் கேள்வியின் பெரிய பகுதியே அந்த நடுவெளிதான் என்று நினைக்கிறேன். ஒரு அத்தியாயம் முன்புவரை வழக்கோடு மல்லுக்கட்டியவன், கடைசி அத்தியாயத்தில் கறுப்பு உடை அணிந்து, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் வருவதாகச் சொல்லவில்லை, ஆனாலும் காத்திருக்கிறான். இது எப்படி நடந்தது? வழக்கமான விளக்கம், தேவாலயத்தில் கேட்ட கதை அவனை உடைத்துவிட்டது என்பது. பக்கம் புரட்டும் வரிசையில் அது இயல்பாகவே தோன்றும். ஆனால் எழுதிய வரிசையை நினைத்துப் பாருங்கள். கடைசி அத்தியாயம் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டது. 'சட்டத்தின் முன்' கதை டிசம்பரில் எழுதப்பட்டது; 13ஆம் தேதி நாட்குறிப்பில் அதன் விளக்கப் பகுதியை எழுதியதைக் குறிப்பிடுகிறார். அதாவது கறுப்பு உடையில் காத்திருக்கும் க.வைக் காஃப்கா உருவாக்கியபோது பாதிரியார் இன்னும் பிறக்கவே இல்லை. அந்த அடங்கிப்போதலுக்கு தேவாலயம் காரணம் என்று ஆசிரியர் திட்டமிட்டிருந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரு கரையிலும் தூண் எழும்பிவிட்டது, நடுவில் பாலம் சில இடத்தில் வந்திருக்கிறது, சில இடத்தில் வரவில்லை.

பிராட் இன்னொரு தகவலும் தருகிறார். வழக்கின் இன்னும் சில கட்டங்களை எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் வழக்கு மிக உயர்ந்த நீதிமன்றத்தை எட்டவே போவதில்லை என்பதால் நாவலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்ற பொருளில் காஃப்கா சொன்னாராம். இதை நான் பாதி நம்புகிறேன். பாத்திரங்களுக்கு வழக்கு முடிவில்லாதது என்பது நாவலிலேயே இருக்கிறது. ஆனால் 'எப்படியும் முடியாத நாவல், ஆகவே முடிக்காவிட்டால் பரவாயில்லை' என்று அதை எடுத்துக்கொள்வது, எரிக்காமல் அச்சிட்டவருக்கு மிகவும் வசதியான முடிவு. கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டவர் முடிவை விரும்பாதவராக எனக்குத் தெரியவில்லை.

அடிக்கப்பட்ட வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் அத்தியாயத்தில், ஒரு நாளிலேயே மிக ஆபத்தான கணம் கண் விழிக்கும் கணம்தான் என்று ஒருவர் சொன்னதாக க. சொல்லும் பகுதி உண்டு. அழகான யோசனை, நாவலின் சாவி என்று பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். காஃப்கா அதை அடித்துவிட்டார். முடிக்காமல் நின்றதும் எழுதிவிட்டு அடித்ததும் ஒன்றல்ல. முன்னதில் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியாது, பின்னதில் என்ன செய்தார் என்று தெரியும். சாவியை வெளிப்படையாக வைப்பது அவருக்கே பிடிக்கவில்லை என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது.

சரி, நடைமுறையில் எப்படிப் படிப்பது? முதல் வாசிப்பில் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள், நீங்கள் செய்தது சரிதான். துண்டுகளை நடுவில் செருகாதீர்கள். இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் அதைப் பாத்திரங்கள் உணர்கிறார்களா, அந்தக் காட்சி தன் வேலையை முடித்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் நண்பரிடம் தோற்றுப் போகலாம். இல்லை என்றால் அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதன்மேல் எந்த முடிவையும் ஏற்றி வைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். க. என்ன செய்திருப்பான் என்று கற்பனை செய்வதில் தப்பில்லை, நானும் செய்வேன். அந்தக் கற்பனையை ஆதாரமாக வைத்து நாவலுக்குப் பொருள் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

கூடவே உங்கள் கையில் இருப்பது எந்த வரிசை என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராக மொழிபெயர்த்த 'விசாரணை' க்ரியா வெளியீடாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. எதுவானாலும் சோதனை ஒன்றுதான். மோன்டாக் வரும் பகுதி நான்காவது அத்தியாயமாக இருந்தால் நீங்கள் பிராடைப் பின்தொடர்கிறீர்கள். அது பின்னால் துண்டுகளோடு இருந்தால் பாஸ்லியை. பிராடின் வரிசையில் படித்திருந்தால், புர்ஸ்ட்னர் க.வைத் திட்டமிட்டுத் தவிர்க்கிறாள் என்ற எண்ணம் உங்களுக்கு வலுவாக வந்திருக்கும், ஏனென்றால் அந்த எண்ணத்தைத் தருவது பெரும்பாலும் அந்த ஒரு பகுதிதான். அது முடியாத பகுதி என்று தெரிந்த பிறகு, கடைசி அத்தியாயத்தில் தெருவில் தெரியும் அந்தப் பெண்ணை, அது புர்ஸ்ட்னர்தானா என்று க.வுக்கே நிச்சயமில்லாத அந்த இடத்தை, இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.